மெத்தடோன் எடுக்கப் போகிறவர்களுக்கு

பேராக்கில் செம்பனை வேலையை நம்பி இருக்கிற ஒரு சின்னப் பட்டணம் எங்களுடையது. இங்கே அரசாங்கக் கிளினிக்கில், ஹெராயின் பழக்கத்தை விடுவதற்கான மருந்தான மெத்தடோன் இலவசமாகக் கிடைக்கிறது, நான் அங்கேதான் எடுக்கிறேன். சேரப் போகிற பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது "அண்ணே, எவ்வளவு கொடுப்பாங்க?" என்றுதான். அதனால் அளவைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் வெறும் 20 மில்லிகிராம். பல வருஷம் சாமான் அடித்தவனுக்கு இது எந்த மூலைக்கு என்றுதான் தோன்றும். டாக்டர் கண்மணியைப் பார்த்தார், நாடி பிடித்தார், மூக்கு ஒழுகுகிறதா, உடம்பு சிலிர்க்கிறதா, கொட்டாவி வருகிறதா என்று பார்த்தார். அப்புறம் தூக்க மாத்திரை போடுகிறாயா, சம்சு குடிக்கிறாயா என்று இரண்டு தடவை கேட்டார். அதை மட்டும் மறைக்காதீர்கள், ஏனென்றால் மெத்தடோனோடு அவை சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். மருந்து ஒரு சிரப். நர்ஸ் முன்னால் குடித்து, தண்ணீரும் குடித்து, அவரிடம் ஏதாவது பேசிக் காட்ட வேண்டும், வாயில் வைத்திருந்து வெளியே துப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இது. குடித்ததும் வீட்டுக்கு விடவில்லை. மருந்தின் வேகம் உச்சத்துக்கு வர இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும், அதுவரை பெஞ்சில் உட்கார வைத்து, தூங்கி வழிகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ராத்திரி கியான் வந்தது, சாமான் இல்லாமல் உடம்பு தவிக்கிற தவிப்பு. கால் இழுத்தது, தூக்கம் இல்லை. மறுநாள் போய் "கூட்டிக் கொடுங்க டாக்டர்" என்றேன், கொடுக்கவில்லை. அங்கிருந்த ஃபார்மசிஸ்ட் அக்கா ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்று குடித்ததில் ஏறக்குறைய பாதி நாளைக்கும் உடம்பில் இருக்கும் என்று வைத்துக்கொள். இன்று 20. நாளைக்கு மிச்சம் 10, புதிதாக 20, ஆக 30. அதற்கடுத்த நாள் 35, அப்புறம் 37, 38 என்று போய் 40-ஐத் தொடும். அளவைக் கூட்டாமலேயே உடம்பில் இருப்பது இரண்டு மடங்காகிவிடுகிறது. இதில் அவசரப்பட்டு தினமும் கூட்டினால், அல்லது போதவில்லை என்று மேலே சாமானும் அடித்தால், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ராத்திரி ஆள் எழுந்திருக்கவே மாட்டான். முதல் இரண்டு வாரம்தான் ரொம்ப ஆபத்தானது என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

பிறகு சில நாள் இடைவெளி விட்டு ஐந்து ஐந்தாகக் கூட்டினார்கள். டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டது ஒரே கேள்வி: எந்த நேரத்தில் கஷ்டம்? விடியற்காலையில், அடுத்த மருந்துக்கு முன்னால் கியான் வந்தால் அளவு போதவில்லை. குடித்து மூன்று மணி நேரத்தில் தலை தொங்கினால் அதிகம். இதை ஒழுங்காகக் கவனித்துச் சொன்னால்தான் அவர்களாலும் சரியாகக் கூட்ட முடியும், சும்மா "போதலை" என்றால் ஒன்றும் செய்ய முடியாது. 60-இல் கியான் நின்றுவிட்டது, ஆனால் சம்பள நாளன்று மனம் அந்தப் பக்கம் போவது நிற்கவில்லை. 80-க்கு வந்த பிறகு ஒரு தடவை சாமான் அடித்துப் பார்த்த கூட்டாளி ஒருவன் சொன்னது எனக்கும் பொருந்தியது: காசுதான் போனது, ஒன்றும் ஏறவில்லை. 80-இலேயே நிற்கிறேன். மலச்சிக்கலும் வியர்வையும் உண்டு, அது வேறு கதை.

வீட்டுக்குக் கொடுப்பது சீக்கிரம் நடக்காது. சிறுநீர் சோதனை மாதக்கணக்கில் சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு நாளும் தவறாமல் வந்திருக்க வேண்டும், வேலைக்கு அத்தாட்சி, வீட்டில் பூட்டு உள்ள பெட்டி. எனக்கு முதலில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு போத்தல் கொடுத்தார்கள், காலிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. என் 80 மில்லிகிராம் என்பது 16 மில்லிலீட்டர் சிரப், ஒரு மடக்குதான். மனைவி அதைக் குளிர்பெட்டியில் ரோஸ் சிரப் பக்கத்தில் வைக்கப் போனாள், நான் பதறிப்போய்ப் பிடுங்கினேன். சின்னப் பிள்ளைக்கு 10 மில்லிகிராமே, அதாவது 2 மில்லிலீட்டரே, உயிருக்கு ஆபத்து. பழக்கமில்லாத பெரியவருக்கும் என் ஒரு நாள் அளவு எமன்தான். பிள்ளை தவறிக் குடித்தது தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், மயக்கம் மணிக்கணக்கில் கழித்தும் வரும்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகக் குடிக்கக்கூடாது. மூன்று நாளுக்கு மேல் விட்டால் பழைய அளவு கிடைக்காது. என்னோடு குலை வெட்டுகிறவர் ஜொகூரில் கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தார், 90-இல் இருந்தவருக்குப் பாதிதான் கொடுத்தார்கள், கவுண்டரில் ஒரே சத்தம். உடம்பின் பழக்கம் அதற்குள் குறைந்துவிடுகிறது, பழைய 90 இப்போது தாங்காது. தைப்பூசத்துக்கு பினாங்கு போகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள், போத்தலாகக் கொடுக்க முடியாவிட்டாலும் போகிற ஊரில் குடிக்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று அவர்களே பார்ப்பார்கள்.