டிரமடால் எழுதினார்கள், மலமிளக்கி எழுதவில்லை

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து பெரியம்மா வீட்டுக்கு வந்தபோது, டிஸ்சார்ஜ் சம்மரியில் வலிக்கு டிரமடால் இருந்தது, ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை இருந்தது. இரண்டுமே மலத்தை இறுக்கக் கூடியவை. ஆனால் மலமிளக்கி என்று ஒரு வரிகூட இல்லை. அறுவை சிகிச்சை, காப்பீடு, பில் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அதற்குப் பிறகு நடந்த மலச்சிக்கல் போராட்டம்தான் எங்களை உலுக்கி எடுத்தது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது.

மூன்று நாளாகப் போகவில்லை என்றதும் மருந்துக்கடையில் இசப்கோல் கொடுத்தார்கள். "வயசானவங்களுக்கு இதுதான் நல்லது, வெறும் உமிதான், ஒண்ணும் பண்ணாது" என்றார் கடைக்காரர். நடமாடும் ஆளுக்கு அது சரி. படுத்த படுக்கையாக, டிரமடாலோடு இருப்பவருக்குத் தவறான தேர்வு.

இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி உப்பி மலத்தின் பருமனைக் கூட்டும். பருமன் கூடினால் குடல் சுவர் விரியும். அந்த விரிவைத் தாங்காமல் குடல் சுருங்கித் தள்ளும். ஆகவே தள்ளும் குடலும் போதுமான தண்ணீரும் இருந்தால்தான் அது வேலை செய்யும். டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை வலிநிவாரணிகள் அந்தத் தள்ளலைத்தான் மந்தமாக்குகின்றன. மலம் ஒரே இடத்தில் கிடக்கக் கிடக்க அதிலுள்ள நீரையும் குடல் இழுத்துக்கொள்ளும். அங்கே பருமனைக் கூட்டினால், நகராத வண்டிக்குப் பின்னால் இன்னும் நான்கு வண்டிகளை நிறுத்தியதுபோல்தான். பாத்ரூம் போக எழுந்திருக்க வேண்டுமே என்று பயந்து பெரியம்மா தண்ணீரும் குறைவாகவே குடித்தார். வயிறு உப்பியது, சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து நடந்ததை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நாட்கணக்கில் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிய ஆரம்பித்தது. உடை அடிக்கடி நனைந்தது. பார்க்க வந்த உறவினர் வயிற்றுப்போக்கு என்று நினைத்து லோபரமைடு வாங்கி வந்துவிட்டார். நல்லவேளையாகக் கொடுக்கவில்லை. மலக்குடலில் கல்லாக இறுகிய கட்டியைச் சுற்றி மேலிருந்து நீர்மலம் ஒழுகுவதுதான் அது. போக வேண்டும் என்ற முக்கல் இருந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக வடியும், வயிறு குறையாது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வயிற்றுப்போக்கு மாத்திரையைத் தொடாதீர்கள். மருத்துவர் விரலால் பரிசோதித்தால் உடனே தெரிந்துவிடும்.

கசிவு தொடங்கிய மறுநாள் கடையில் கொடுத்த இரண்டாவது பாட்டிலின் லேபிளைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. திரவ பாராஃபின், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, சோடியம் பிகோசல்ஃபேட் மூன்றும் ஒரே சிரப்பில். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பெரியம்மாவுக்கு ஏற்கெனவே கூடுதல். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களின் ரத்தத்தில் மெக்னீசியம் தேங்கும். அது இதயத்துக்கு ஆபத்து. படுத்தபடி விழுங்கும்போது பாராஃபின் புரையேறினால் நுரையீரலில் எண்ணெய் படிந்து நிமோனியா வரலாம். பிகோசல்ஃபேட் குடலைச் சுருக்கித் தள்ளவைக்கும் தூண்டு மருந்து. கீழே கல்போல் அடைத்திருக்கும்போது அது முறுக்கு வலியைத்தான் தரும். பாட்டிலைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தோம்.

மருத்துவமனையில் முதல் டியூட்டி டாக்டர் "நிறைய தண்ணி, கீரை குடுங்க" என்று அனுப்பப் பார்த்தார். கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் மாத்திரைப் பட்டியலையும் காட்டி, ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள் என்று விடாமல் நின்ற பிறகுதான் அடைப்பு தெரிந்தது. கிளிசரின் வைத்து இளக்கி, கையால் கட்டியை உடைத்து எடுத்தார்கள். சிறுநீரகத்தை உத்தேசித்து ஃபாஸ்பேட் எனிமாவைத் தவிர்த்தார்கள். கீழ் அடைப்பு நீங்கிய பிறகுதான் வாய்வழி மருந்து தொடங்கியது. முதலில் இளக்கு, பிறகு தள்ளு. இந்த வரிசை மாறக்கூடாது.

இளக்குவதற்கு லாக்டுலோஸ், காலை 15 மில்லி, இரவு 15 மில்லி. இது நீரைக் குடலுக்குள் இழுத்துப் பிடித்துவைக்கும் வகை. பலன் தெரிய ஒன்றிரண்டு நாளாகும் என்பதால், காலையில் கொடுத்துவிட்டு மாலையில் வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள். பெருங்குடல் பாக்டீரியா இதைப் புளிக்கவைப்பதால் முதல் சில நாட்கள் வாயுத்தொல்லை இருக்கும். அது தாங்க முடியாதவர்களுக்கு பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி நல்லது. பெரியவர்களுக்கு 17 கிராமை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள், வாயு குறைவு.

மலம் இளகியதும் தள்ளுவதற்கு பிசாகோடைல் 5 மில்லிகிராம், இரவில். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை செய்யும் என்பதால் இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலையில் போகும். பெரியம்மா எல்லா மாத்திரையையும் பாலில்தான் விழுங்குவார். இதை அப்படிக் கொடுக்கக்கூடாது. மாத்திரையின் மேல்பூச்சு குடலில் கரைய வேண்டியது. பாலோ அமிலக்குறைப்பு மருந்தோ கூடவே போனால் வயிற்றிலேயே கரைந்து எரிச்சலும் வலியும் வரும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உடைத்தும் கொடுக்கக்கூடாது.

"நிலாவரைச் சூரணம் குடுக்கலாமே, அது இயற்கைதானே" என்று பலர் சொன்னார்கள். திருநெல்வேலிப் பெயரிலேயே உலகச் சந்தைக்குப் போகும் நம் ஊர் நிலாவரையும் பிசாகோடைலைப் போன்ற தூண்டு மருந்துதான். மூலிகை என்பதால் அதன் வகை மாறிவிடாது. பிசாகோடைலோடு சேர்த்துக் கொடுத்தால் ஒரே வேலைக்கு இரண்டு மருந்து. மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் அதிகமாக எடுத்தால் பேதியாகி உடலில் பொட்டாசியம் குறையும்.

டிரமடால் இருக்கும்வரை லாக்டுலோஸும் பிசாகோடைலும் தொடர்ந்தன. மலம் தண்ணியானால் லாக்டுலோஸைக் குறைக்கவும், இளகியிருந்தும் வெளியே வராவிட்டால் பிசாகோடைலைப் பற்றிக் கேட்கவும் மருத்துவர் சொல்லியிருந்தார். டிரமடாலை நிறுத்தி, வாக்கரில் நடந்து, சாப்பாடும் தண்ணீரும் பழையபடி ஆன பிறகு முதலில் பிசாகோடைலை, பிறகு லாக்டுலோஸை விட்டோம். இசப்கோலுக்கு அப்போதுதான் இடம் வந்தது. ஒரு டம்ளர் நிறைய தண்ணீரில் கலக்கி, கூழாவதற்குள் உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. தொண்டையிலேயே உப்பி அடைத்துவிடும். காய்கறி குறைவாகச் சாப்பிட்டு உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கும், மலச்சிக்கலோடு இருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக முதலில் சொல்லப்படுவது இதுதான்.

மலத்தை மென்மையாக்கும் டாகுசேட்டையும் ஒரு நண்பர் சொன்னார். மூலநோய் அறுவைக்குப் பின், மாரடைப்புக்குப் பின், முக்கக்கூடாதவர்களுக்கு எழுதுவது வழக்கம். ஆனால் பலன் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஓபியாய்டு மலச்சிக்கலுக்கு அதை மட்டும் நம்பி நாட்களைக் கடத்த வேண்டாம்.

வாந்தி, வாயுகூடப் பிரியாமல் உப்பிய வயிறு, கடும் வலி, மலத்தில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த வகை மலமிளக்கியும் கொடுக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் யாருக்காவது டிரமடால், மார்ஃபின் எழுதினால், டிஸ்சார்ஜ் கவுண்டரை விட்டு நகரும் முன் "இதோடு எந்த மலமிளக்கி, எவ்வளவு, எந்த நாளிலிருந்து?" என்று கேட்டு அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள்.