பத்து எண்ணும் நேரம்

பிப்ரவரி 4

தீயணைப்பு நிலையத்தில் வகுப்பு 12ஆம் தேதி: காது கேட்காதவர், ஆட்டிசம் உள்ளவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர் ஆகியோரை அவசர நேரத்தில் அணுகுவது எப்படி என்று. 108 ஆம்புலன்ஸ் ஆட்களும் இரண்டு காவலர்களும் வருவார்களாம். 40 நிமிடம்தான். ஓக்லஹோமா வழக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிப்ரவரி 5

2017 செப்டம்பர் 19 இரவு, அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி. போலீஸ் ஒரு விபத்து வண்டியைத் தேடி வருகிறது. அந்த வண்டியை ஓட்டியது அப்பா. ஆனால் வாசலில் நிற்பது மகன் மாக்டியேல் சான்செஸ், வயது 35. காது கேட்காது, பேச்சும் கிடையாது. கையில் இரண்டடி நீள உலோகக் குழாய்; தெருநாய்க்குப் பயந்து எடுத்துப்போவது. கீழே போடச் சொல்லிக் கத்துகிறார்கள். அக்கம்பக்கத்தார் "அவருக்குக் காது கேட்காது" என்று கத்துகிறார்கள். அவர் நெருங்கி வருகிறார். ஒரு போலீஸ்காரர் மின்னதிர்ச்சி கொடுக்கும் டேசரை இயக்க, அதே நேரத்தில் இன்னொருவர் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். சான்செஸ் அங்கேயே இறந்துபோனார்.

அந்த "நெருங்கி வருகிறார்" என்ற இடத்தில்தான் வகுப்பு நிற்க வேண்டும். காது கேட்காதவர் உங்கள் முகத்தையும் கையையும் பார்த்தால்தான் விஷயம் புரியும். அதற்காகவே கிட்டே வருவார். பாய வருவதாக நினைத்துவிடுகிறோம். அந்த நொடியில் பின்னால் நகர்ந்து, வண்டியின் மறைவுக்குப் போய், வெறும் கையைக் காட்டி, அந்தக் கையையே மெல்லத் தரைக்கு இறக்கிக் காட்டலாம். "கீழே வை" என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 6

இருட்டில் டார்ச்சைக் காது கேட்காதவர் கண்ணில் அடிக்காதே. உன் முகத்தில் அடி.

பிப்ரவரி 7

கைவிலங்கு. சைகை மொழி பேசுபவருக்குக் கையைப் பின்னால் பூட்டுவது வாயில் துணி அடைப்பதற்குச் சமம். மூச்சு முட்டுகிறது என்றுகூட அவரால் சொல்ல முடியாது. பூட்டியே ஆக வேண்டுமென்றால் முன்பக்கம் பூட்டு. 108இல் ஸ்ட்ரெச்சரில் பட்டை கட்டும்போதும் கையைப் பட்டைக்கு வெளியே விடு. டிரிப் ஏற்ற வேண்டுமானால் எழுதாத கையில் ஏற்று.

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார் என்பதும் பாதிதான் சரி. கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் "படி" என்று சொல், பிறகு "மடி" என்று சொல். உதடு ஒன்றுபோலவே அசையும். "படியில் இறங்கு" என்று வாயால் சொன்னதே போதும் என்று போய்விட்டால் ஆள் புகைக்குள்ளேயே நிற்பார். எழுதிக் காட்டுவதும் எல்லோருக்கும் உதவாது. சைகையே தாய்மொழியாக வளர்ந்த பலருக்குத் தமிழ் எழுத்து இரண்டாம் மொழி. படி, தீ, ஆம்புலன்ஸ், வலிக்கும் இடம் காட்ட ஓர் உடல் படம்: ஒரு அட்டையில் நான்கு படம் போதும்.

பிப்ரவரி 9

ஆட்டிசம். இதற்கே 40 நிமிடம் வேண்டும்.

முதலில் சைரனையும் சுழல் விளக்கையும் அணை, அணைக்க முடிகிற இடமாக இருந்தால். ஒரே ஒருவர் பேச வேண்டும். ஒரு வாக்கியம், ஒரு வேலை: "என்னோடு வா." பிறகு மனதுக்குள் பத்து எண்ணு. பதில் வராவிட்டால் அதே சொற்களையே திருப்பிச் சொல். "சரி, எழுந்திரு, வெளியே போகலாம்" என்று மாற்றிச் சொன்னால் அவர் புதிதாக முதலிலிருந்து புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டியிருக்கும். நாலு பேர் நாலு விதமாகக் கத்தும்போது ஒன்றும் உள்ளே போகாது, கடைசியில் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார், அதை "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிடுவோம்.

"உன் பேர் என்ன?" என்றால் "உன் பேர் என்ன?" என்றே பதில் வரலாம். அது கிண்டல் அல்ல. கையை உதறுவதும் ஆடுவதும் அவர் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்வது. பிடித்து நிறுத்தினால் அடுத்தது அடிதான்.

பரிசோதனையைக் காலிலிருந்தோ கையிலிருந்தோ தொடங்கு, முகம் கடைசி. ரத்த அழுத்தப் பட்டையை முதலில் அம்மாவின் கையில் சுற்றிக் காட்டு. வலியைச் சொல்லாமலே இருக்கலாம், அதனால் "வலிக்குதா?" என்ற கேள்வியை நம்பாமல் உடம்பு முழுக்கத் தடவிப் பார்.

தீ விபத்து: கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் தேடு. காப்பாற்றி வெளியே விட்ட பிள்ளை பழகிய அறைக்கே திரும்பி ஓடும். ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும். காணாமல்போன பிள்ளை என்றால் முதலில் கிணறு, குளம்.

பிப்ரவரி 10

டார்ச். மறுபடியும் டார்ச். படம் போட்டே காட்டிவிடலாம்.

பிப்ரவரி 11

அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்காதே. சீருடையைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் "ஆமா"தான். "நீ அங்க போனியா?" "ஆமா." "போகலைதானே?" "ஆமா." இரண்டையும் கேட்டுப் பார்த்தால்தான் அந்த ஆமாவுக்கு மதிப்பில்லை என்று தெரியும். "எங்க இருந்த? வீட்டிலயா, கடையிலயா?" என்று கேள், சற்று நேரம் கழித்து "கடையிலயா, வீட்டிலயா?" என்று மாற்றிக் கேள். கடைசியாகச் சொன்னதையே இரண்டு முறையும் சொன்னால் அது பதில் அல்ல. இப்படி வாங்கிய வாக்குமூலம் ஒரு வாழ்க்கையையே தொலைத்துவிடும்.

இரவு

முகமூடியை மறந்தேவிட்டேன். பி.ஏ. செட் என்ற மூச்சுக் கருவியை மாட்டிய ஆள் புகையில் மூச்சு இரைத்துக்கொண்டு வந்தால் பெரியவர்களே பயப்படுவார்கள். புகை இல்லாத இடத்துக்கு வந்ததும் முகமூடியைக் கழற்றி முகத்தைக் காட்ட வேண்டும். நாளைக்கு நிலையத்திலேயே ஒன்று கேட்டு வாங்கி, மாட்டியும் கழற்றியும் செய்துகாட்டச் சொல்லணும். பத்து எண்ணுவதையும் கடிகாரம் வைத்துச் செய்துகாட்டணும்.