கதிரேசனின் இரண்டாம் பாகம்: எழுதும்போதே எழுதிய குறிப்புகள்

மார்ச் 3

முதல் நாவலைப் படித்தவர்கள் எங்கே பார்த்தாலும் கேட்கிறார்கள், கதிரேசனுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று. படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறை, டேங்குக்குள் இறங்கிய நண்பன் சேகர் மூச்சுத் திணறிச் செத்துப்போகிறான். காற்றைச் சோதிக்காமலே சோதித்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஏஜெண்டுக் கடனுக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்த கதிரேசன் கடைசியில் மனிதவள அமைச்சின் அதிகாரியிடம் உண்மையைச் சொல்கிறான். அதோடு நாவல் முடிகிறது.

இரண்டாம் பாகம் என்றதும் எல்லாரும் சொல்லும் யோசனை, இந்தத் தடவை கப்பலே வெடிக்கட்டும், நாற்பது பேர் மாட்டிக்கொள்ளட்டும் என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெயர்களை எடுத்துவிட்டு இரண்டு கதையையும் ஆளுக்கொரு வரியில் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்: பயந்தவன் ஒருவன் தைரியம் வந்து பேசுகிறான், மறுபடியும் பயந்தவன் ஒருவன் தைரியம் வந்து பேசுகிறான். பிணங்களின் எண்ணிக்கை மட்டும்தான் வேறு. அதுவுமில்லாமல் அவனை மறுபடியும் பயந்தாங்கொள்ளியாக ஆக்கினால், முதல் புத்தகத்தில் அவன் பட்ட பாடெல்லாம் வீண்.

மார்ச் 9

அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன். முதல் பாகத்தில் அவன் எதை ஜெயித்தான்? உண்மையைச் சொல்லும் துணிச்சலை. சரி, அந்தத் துணிச்சலே ஆறு வருஷத்தில் அவனை என்ன செய்திருக்கும்? இப்போது அவன் டேங்குக்குள் இறங்குகிறவன் இல்லை. காற்றுச் சோதனைக் கணக்கைப் பார்த்து, ஆட்கள் இறங்கலாமா என்று முடிவு செய்து கையெழுத்துப் போடுகிறவன். பட்டறையில் அவனுக்குப் பெயர் இருக்கிறது, கதிரேசன் அண்ணன் கிட்ட சாக்கு செல்லாது என்று. அவனும் அதில் பெருமைப்படுகிறான், யார் என்ன சொன்னாலும் காது கொடுப்பதில்லை. முதல் பாகத்தில் கிடைத்த வெற்றியே இரண்டாம் பாகத்தில் குறையாகிறது. இது பிடிபட்ட பிறகுதான் எழுதவே உட்கார்ந்தேன்.

மார்ச் 17

நாற்பது பேர் வேண்டாம், ஒரே ஒருவன் போதும். சேகரின் தம்பி மணி. கதிரேசனே சிபாரிசு செய்து வரவழைத்தவன், ஏஜெண்டுக் கடன் பாதிகூட அடையவில்லை. முதல் பாகத்தில் பேசினால் போகக்கூடியது கதிரேசனின் சொந்த வேலை. இப்போது அவன் பேசினால் போவது இன்னொருத்தன் பிழைப்பு, அதுவும் சேகர் வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே வருமானம். வேலை பெர்மிட் முதலாளியோடு கட்டுண்டது, ரத்தானால் பெரும்பாலும் ஊருக்கு விமானம் ஏறவேண்டியதுதான். வாசகருக்கு சேகரை ஏற்கெனவே தெரியும். முகம் தெரியாத நாற்பது பேரை வைத்து இந்தக் கனத்தைக் கொண்டுவர முடியாது.

மார்ச் 24

இன்று எழுதிய காட்சி மனசுக்கு நிறைவாக இருந்தது. ரொம்ப நாள் மூடிக்கிடந்து உள்ளே துருப்பிடித்த டேங்க். துரு ஏற ஏற உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், அதனால்தான் குழாயை இறக்கி மேலே, நடுவே, அடியிலே என்று தனித்தனியாக அளப்பது. 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆள் இறங்கக்கூடாது. மணி கொண்டுவந்த தாளில் மூன்று இடத்திலும் 20.9 என்று இருக்கிறது. அது வெளிக்காற்றின் அளவு. கதிரேசன் தாளைப் பார்க்கிறான், மீட்டர் பையைப் பார்க்கிறான், ஜிப்பே திறக்கவில்லை.

முதல் பாகத்தில் பொய்க்கணக்கால் நண்பனை இழந்தவன் அவன். இங்கே அதே பொய்க்கணக்கை எழுதியிருப்பது அந்த நண்பனின் தம்பி, கையெழுத்துப் போட வேண்டியவன் இவன். சம்பவம் பழசுதான், ஆனால் அவன் நிற்கும் இடம் மாறிவிட்டது. பழைய காட்சியை நினைவூட்ட வேண்டுமானால் இப்படி ஆளை இடம் மாற்றி நிறுத்திவிட்டுத்தான் நினைவூட்டவேண்டும்.

ஏப்ரல் 2

பழைய கதையை எவ்வளவு சொல்வது என்பது பெரிய தலைவலி. முதல் அத்தியாயத்தில் மூன்று பக்கம் சுருக்கம் எழுதினால், படித்தவருக்கு அலுப்பு, படிக்காதவருக்கும் ஒட்டாது. கோப்புகளைப் புரட்டி நினைத்துப் பார்க்க வைப்பதும் வேண்டாம். மணியின் வாயால் சொல்ல வைத்தேன், அதுவும் வேறு மாதிரி: “நீங்க முன்னாடியே வாயத் தொறந்திருந்தா எங்கண்ணன் இருந்திருப்பாருண்ணே.” வாசகர் வீரமாகப் பார்த்ததை அவன் தாமதமாகப் பார்க்கிறான். தகவலும் வந்துவிடுகிறது, சண்டையும் வந்துவிடுகிறது.

ஏப்ரல் 11

முடிவு தெரிந்துவிட்டது. எழுத்து வட்டத்தில் ஒரு அக்கா, “தம்பி, அவன் மறைச்சுட்டா உன் முதல் புத்தகமே பொய்யாயிடும்” என்றார். உண்மைதான். ஆனால் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக நடந்தால் அவன் மாறவே இல்லை. அதனால் வேலையை நிறுத்துகிறான், மணியைக் கூட்டிக்கொண்டு தானே போகிறான், இத்தனை டேங்கை இத்தனை மணிக்குள் முடி என்று நெருக்கிய ஃபோர்மேனின் அட்டவணையையும், அதற்குத் தானும் தலையாட்டிய நாட்களையும் சேர்த்தே சொல்கிறான். கையெழுத்துப் போடும் அதிகாரம் போகிறது. மணி தங்குவானா என்பது கடைசி அத்தியாயம்வரை இழுக்கும். அந்த அத்தியாயத்தை நாளை தொடங்குகிறேன், மணியின் பக்கத்திலிருந்து.