ரேட் லிமிட்டர் டிசைன் ரவுண்ட்: டோக்கன் பக்கெட்டா, ஸ்லைடிங் விண்டோவா?

சமீபத்தில் ஒரு பேக்எண்ட் வேலைக்கான சிஸ்டம் டிசைன் ரவுண்டில் ரேட் லிமிட்டர் கேட்டார்கள். அந்த ரவுண்டைத் தாண்டிவிட்டேன். பேச்சில் பெரும்பகுதி ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் போனது. தயாராகிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன்.

கொடுத்த தேவை: ஒவ்வொரு ஏபிஐ கீக்கும் நிமிடத்துக்கு 100 ரிக்வெஸ்ட், தாண்டினால் 429. பெட்டி, அம்புக்குறி எதுவும் வரைவதற்கு முன்னால் ஒன்று கேட்டேன்: "இந்த 100 வாடிக்கையாளரோடு பேசிய கணக்கா, பின்னால் இருக்கும் டேட்டாபேஸைக் காப்பாற்றுகிற வரம்பா?" நேர்காணல் செய்தவர், "டேட்டாபேஸைக் காப்பாற்றத்தான். ஆனால் 100 என்றால் 100தான்" என்றார். பிறகு நடந்ததெல்லாம் அந்த இரண்டாவது வாக்கியத்தால்தான்.

நிமிடத்துக்கு ஒரு கவுண்டர் வைக்கும் முறையைச் சீக்கிரம் ஒதுக்கினேன். 10:00:59க்கு 100, 10:01:00க்கு 100 என்று வந்தால் ஒரு நொடி இடைவெளியில் 200 போய்விடும். அடுத்து டோக்கன் பக்கெட் எழுதினேன். ஒவ்வொரு ரிக்வெஸ்டும் பக்கெட்டிலிருந்து ஒரு டோக்கனை எடுக்கும், டோக்கன் இல்லையென்றால் மறுப்போம். டைமர் வைத்து நிரப்ப வேண்டியதில்லை. ரிக்வெஸ்ட் வரும்போது, கடந்த நேரத்தைக் கணக்கிட்டு நிரப்பினால் போதும்.

```
tokens = min(100, tokens + (now - last) * 100/60)
last = now
if tokens >= 1: tokens -= 1; allow
else: reject
```

உடனே அவர், "எந்த 60 வினாடியை எடுத்தாலும் அதிகபட்சம் எத்தனை போகும்?" என்று கேட்டார். பக்கெட் நிறைந்திருந்தால் முதல் நொடியிலேயே 100 போகும், மீதி நிமிடத்தில் நிரம்புகிற கிட்டத்தட்ட 100ம் போகும். ஆக ஏறக்குறைய 200. கொள்ளளவையும் நிரப்பும் வேகத்தையும் ஒரே எண்ணாக வைத்தால் இது தவிர்க்க முடியாதது.

"சரி, ஸ்லைடிங் விண்டோ கவுண்டர்?" என்றார். அதில் போன நிமிடத்தின் எண்ணிக்கை, இந்த நிமிடத்தின் எண்ணிக்கை இரண்டு மட்டுமே இருக்கும். இந்தத் தொகை 100க்குக் கீழே இருக்கும்வரை விடலாம்:

```
estimate = prev * (1 - elapsed/60) + curr
```

இங்கேதான் இரண்டு வாடிக்கையாளர்களை வைத்துப் போட்டுக் காட்டினேன். முதலாமவர் 10:00:01க்கு 100 ரிக்வெஸ்டையும் மொத்தமாக அனுப்பிவிட்டார். இரண்டாமவர் அதையே 10:00:59க்கு அனுப்பினார். இருவரும் திரும்ப 10:01:30க்கு வருகிறார்கள். இருவருக்கும் `prev` 100, `curr` 0, மதிப்பீடு 50. ஆளுக்கு 50 விடுவோம். உண்மையில் முதலாமவர் கடந்த 60 வினாடியில் ஒன்றுமே அனுப்பவில்லை, அவருக்கு 100 கிடைத்திருக்க வேண்டும். இரண்டாமவர் 31 வினாடி முன்புதான் முழு 100ஐயும் தீர்த்தார், அவருக்கு ஒன்றுகூடக் கிடைத்திருக்கக் கூடாது. போன நிமிடத்தில் ரிக்வெஸ்டுகள் சீராகப் பரவி வந்தன என்று கவுண்டர் நம்புகிறது. எப்போது வந்தன என்பது அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் சொன்னேன், பலர் கவனிக்காத இடம் இது. அந்த இரண்டாமவருக்கு 10:01:00 முதல் மதிப்பீடு வினாடிக்கு 100/60 வீதம் குறைகிறது. அதாவது டோக்கன் பக்கெட் நிரம்புகிற அதே வேகம். அவர் விடாமல் அனுப்பினால் இங்கேயும் 60 வினாடியில் 200ஐ நெருங்கலாம். மோசமான நிலையில் இரண்டு முறையும் ஒன்றுதான். முதலாமவரிடம்தான் வேறுபாடு தெரியும்: பக்கெட் அவருக்கு 10:01:01க்கே நிறைந்துவிடும், கவுண்டரோ 10:01:00 வரை முழுக்க மூடியிருந்து, பிறகு 10:02:00 வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும்.

அப்படியானால் கவுண்டர் ஆகாதா என்றால், இல்லை. 2017இல் கிளவுட்ஃபிளேர் 40 கோடி ரிக்வெஸ்டுகளை ஆராய்ந்ததில், இந்த முறை தவறாக விட்டதும் தடுத்ததும் 0.003% மட்டுமே. நிஜ டிராஃபிக் என் உதாரணம்போல் ஒரே நொடியில் குவிவது அபூர்வம்.

ஆனாலும் இவருக்கு 100 என்றால் 100. அதனால் பக்கெட்டையே வைத்துக்கொண்டு எண்களைப் பிரித்தேன்: கொள்ளளவு 20, நிரப்புவது நிமிடத்துக்கு 80. இப்போது எந்த 60 வினாடியிலும் 100ஐத் தாண்டாது, டேட்டாபேஸ்மீது ஒரே அடியாக 20க்கு மேல் விழாது. விலை: தொடர்ந்து அனுப்புகிறவருக்கு நிமிடத்துக்கு 80தான். அது ஒத்துவராது என்றால் ஒவ்வொரு ரிக்வெஸ்டின் நேரத்தையும் சேமிக்கும் ஸ்லைடிங் லாக் வேண்டும். கீக்கு 100 நேரமுத்திரை வரை வைக்க வேண்டியிருக்கும். அவர் 80ஐ ஏற்றுக்கொண்டார்.

அப்புறம், டோக்கன் எண்ணிக்கையை எல்லா சர்வர்களுக்கும் பொதுவாக வைக்கும் ரெடிஸ் பக்கம் போனோம். இரண்டு கேட்வே சர்வர்கள் ஒரே சமயத்தில் `tokens = 1` என்று படித்தால் இரண்டுமே விட்டுவிடும். அதனால் படிப்பதும் கழிப்பதும் ஒரே லுவா ஸ்கிரிப்டுக்குள் நடக்க வேண்டும். நேரத்தையும் சர்வர்களிடம் வாங்காமல் ரெடிஸின் `TIME` கட்டளையிலேயே எடுக்கலாம்.

கடைசியாக, 429உடன் என்ன அனுப்புவீர்கள் என்றார். `Retry-After`. பக்கெட்டில் 0.2 டோக்கன் இருந்தால் இன்னும் 0.8 வேண்டும், வினாடிக்கு 80/60 நிரம்புவதால் 0.6 வினாடி. ஹெடரில் முழு வினாடிதான் போடமுடியும், ஆகவே 1.