ஜாமீன் உத்தரவுக்கும் சிறைக் கதவுக்கும் நடுவில்

என் மனைவியின் தம்பி ஆட்டோ ஓட்டுகிறான். ஸ்டாண்டில் சவாரி எடுப்பதில் வந்த தகராறு கைகலப்பாகி, எதிர்த்தரப்பு ஆளுக்கு முன்கை எலும்பு முறிந்துவிட்டது. அன்று ராத்திரியே இவனைக் கைது செய்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, 15 நாள் நீதிமன்றக் காவலில் வைத்தார்கள். வீட்டில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “அடிதடி கேஸ்தானே, ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விடமாட்டார்களா?” என்பதுதான்.

எங்கள் வக்கீல் முதல் தகவல் அறிக்கையைப் படித்துக் காட்டினார். அதில் ‘இரும்பு ராடால் தாக்கி’ என்று இருந்தது. வெறும் கையால் அடித்து எலும்பு முறிந்திருந்தால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஆயுதத்தால் என்று வந்துவிட்டால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 118(2). அதற்கு ஆயுள் தண்டனை வரை போக வழி இருக்கிறது. ஜாமீன் தருவதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் கையில். ராடு உண்மையில் இருந்ததா என்பதெல்லாம் விசாரணையில் பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் அந்த ஒரு வார்த்தைதான் அவனைச் சிறையில் வைத்திருந்தது.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போட்ட மனு தள்ளுபடி ஆனது. ஆயுள் தண்டனை வரக்கூடிய பிரிவு என்றால் மாஜிஸ்திரேட்டுக்கு ஜாமீன் கொடுக்கும் அதிகாரம் குறுகிவிடும் என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்குப் போனோம்.

அங்கே நடந்த வாதத்தைக் கேட்டபோதுதான் ஜாமீன் என்றால் என்ன என்று எனக்குத் தெளிவானது. அவன் அடித்தானா இல்லையா என்பதைப் பற்றி நீதிபதி கிட்டத்தட்ட எதுவுமே கேட்கவில்லை. அடிபட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா, இவன் மேல் முன் வழக்கு ஏதாவது உண்டா, ராடைக் கைப்பற்றியாகிவிட்டதா, இவ்வளவுதான் அவருடைய கேள்விகள். அடிபட்டவர் இன்னும் வார்டில்தான் இருக்கிறார் என்று அரசு வக்கீல் சொன்னதும் மனு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த வாய்தாவுக்குள் அவர் வீடு திரும்பியிருந்தார். முன் வழக்கு இல்லை, சாட்சிகளில் முக்கால்வாசிப் பேரைப் போலீஸ் விசாரித்து முடித்துவிட்டது. ஜாமீன் கிடைத்தது.

வக்கீல் இதை எனக்கு விளக்கினார். விசாரணை முடியும்வரை ஒருவன் குற்றவாளி இல்லை. அதனால் தீர்ப்புக்கு முன்னாலேயே தண்டனை மாதிரி அவனை உள்ளே வைக்கக் கூடாது. உள்ளே வைக்க வேண்டுமென்றால் வேறு காரணம் வேண்டும்: ஓடிவிடுவான், சாட்சியை மிரட்டுவான், தடயத்தை அழிப்பான், மறுபடியும் அதே வேலையைச் செய்வான், இப்படி ஏதாவது. அந்தப் பயம் குறைய குறைய ஜாமீன் பக்கம் எடை கூடும். போலீஸ் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் அவனுடைய உரிமையாகவே ஆகிவிடும் என்றும் சொன்னார். இந்தப் பிரிவுக்கு 90. இதைவிடச் சிறிய பல குற்றங்களுக்கு 60 நாள்.

உத்தரவு வந்ததும் வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஆனால் அன்று அவன் வரவில்லை. உண்மையான அலைச்சல் அதற்குப் பிறகுதான்.

உத்தரவில் இருந்தது இது: 10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் ரத்த உறவு. தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. சாட்சிகளைக் கலைக்கக் கூடாது. பணத்தைக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும் என்று நாங்கள் நினைத்து நகையை எடுத்து வைத்திருந்தோம். அப்படி இல்லை. ஜாமீன்தாரர் எழுதிக் கொடுப்பது ஒரு வாக்குறுதி. இவன் வாய்தாவுக்கு வராமல் ஓடினால் அந்தத் தொகையை நான் கட்டுகிறேன் என்பதுதான் அது. கட்டக்கூடிய வசதி அவருக்கு இருக்கிறதா என்று பார்க்கத்தான் சொத்துக் காகிதம் கேட்கிறார்கள்.

என் மாமியார் ரத்த உறவு. ஆனால் வீட்டு வரி ரசீது இன்னும் இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருந்தது. இறந்தவர் பெயரில் உள்ள ரசீதை நீதிமன்றத்தில் ஏற்கவில்லை. பெயர் மாற்றம் செய்யப் போனால் வாரிசு சான்றிதழ் வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தன் வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றோடும் மறுபேச்சில்லாமல் வந்தார். அவரை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். ரத்த உறவுக்குத்தான் ஆள் இல்லை.

கடைசியில் தாய்மாமன் வந்தார். அவருக்குப் பட்டா நிலம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் சொத்து மதிப்புச் சான்றும் வாங்கியிருந்தார். ஆனால் நிலம் பக்கத்து மாவட்டத்தில். “வெளி மாவட்ட ஜாமீன்தாரர் ஒத்துக்கொள்ள மாட்டாங்க” என்று அலுவலகத்தில் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நீதிமன்ற வாசலில் அப்போது ஒருவர் எங்களிடம் வந்து, ஆள் ஏற்பாடு செய்து தருகிறேன், இவ்வளவு கொடுங்கள் என்றார். காசுக்குக் கையெழுத்துப் போடும் ஆட்கள். வக்கீல் அதைத் தொடவே கூடாது என்றார். பொய்க் காகிதம் என்று தெரிந்தால் ஜாமீனும் போகும், புது வழக்கும் வரும்.

அவர் கையில் எடுத்தது 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன மோதி ராம் வழக்குத் தீர்ப்பு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தும், 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அது தவறு என்றார். வெளி மாவட்டம் என்பதற்காக மட்டும் ஜாமீன்தாரரை ஒதுக்கக் கூடாது, ஏழையால் முடியாத தொகையைக் கேட்பது ஜாமீனை மறுப்பதுதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எங்கள் கதை அப்படியே அதில் இருந்தது. எங்கள் மாஜிஸ்திரேட் அதைப் பார்த்துவிட்டு தாய்மாமனைக் கூண்டருகே அழைத்து, “இவர் உங்களுக்கு என்ன வேணும்? வரலைன்னா நீங்க பணம் கட்டணும், தெரியுமா?” என்று கேட்டார். “அக்கா மகன்யா. தெரியும்யா” என்றார் மாமா. போட்டோ ஒட்டி, இடது பெருவிரல் ரேகை வைத்து, இருவர் பத்திரமும் ஏற்கப்பட்டது.

அப்புறம் விடுதலை உத்தரவு சிறைக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்தபோது மாலை அடைப்பு நேரம் தாண்டிவிட்டது. வேறு வழக்கில் அவன் தேவைப்படுகிறானா என்றும் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில்தான் விட்டார்கள்.

சிறை வாசலில் காத்திருந்தபோது, உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களின் குடும்பங்களைப் பார்த்தேன். அவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஜாமீன் கிடைத்து 7 நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த ஆணையத்தின் அலுவலகம் இருக்கும். வக்கீல் இலவசம். போய்க் கேளுங்கள்.

தினசரிக் கையெழுத்தால் அவனுக்குக் காலைச் சவாரி எல்லாம் போனது. கொஞ்ச நாள் ஒழுங்காகப் போட்டபின் தளர்வு மனு போட்டோம். வாரம் ஒரு நாள் என்று குறைத்தார்கள். ஒழுங்காகப் போட்ட பதிவுதான் அந்த மனுவுக்குப் பலம். விட்டிருந்தால் ஜாமீனை ரத்து செய்ய அதையே காரணமாகக் காட்டியிருப்பார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. ராடு இருந்ததா என்ற கேள்விக்கு இனிமேல்தான் சாட்சிகள் வருவார்கள்.