பாஸ்வேர்ட் சரி, ஆனால் கன்சோல் உள்ளே விடவில்லை

வேளச்சேரி வீட்டில் இருக்கும் பழைய கேம் கன்சோல் போன வாரம் ஆன்லைனுக்குள் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. "உள்நுழைகிறது" என்று வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு நிமிஷம் கழித்து பிழை காட்டி வெளியே தள்ளிவிடும். வைஃபைதான் மக்கர் செய்கிறது என்று ரூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். அப்புறம்தான் கன்சோலின் செட்டிங்ஸில் இருக்கும் நெட்வொர்க் சோதனையை ஓடவிட்டேன். இன்டர்நெட் இணைப்பு வெற்றி, கணக்கில் உள்நுழைவது மட்டும் தோல்வி. அப்போ லைனில் கோளாறு இல்லை.

"டேய், கணக்கில் ஏதாவது கை வச்சியா?" என்று தம்பியைக் கேட்டேன். "ஆமாண்ணா, சந்தேகமா ஒரு மெயில் வந்துச்சு, பாஸ்வேர்டை மாத்திட்டேன்" என்றான், ஏதோ சட்டை மாற்றியதைப் போல. கன்சோல் தனக்குள் சேமித்து வைத்திருந்த பழைய பாஸ்வேர்டையே ஒவ்வொரு முறையும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. தானாக உள்நுழையும் வசதியை முதலில் அணைத்தேன், ஏனென்றால் தப்பான பாஸ்வேர்ட் திரும்பத் திரும்பப் போனால் கணக்கே கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளலாம்.

புதிய பாஸ்வேர்டைக் கவனமாக அடித்தேன். அதுவும் தவறு என்றது! அதே பாஸ்வேர்ட் என் மொபைல் பிரவுசரில் வேலை செய்தது, ஆனால் அடுத்து தம்பியின் போனுக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்டது. மாற்றும்போதே பயல் இரண்டு படிச் சரிபார்ப்பையும் போட்டு வைத்திருக்கிறான். விஷயம் இங்கேதான். இந்தப் பழைய கன்சோல் வந்த காலத்தில் அந்த வசதி கிடையாது, குறியீட்டை அடிக்க ஒரு பெட்டிகூட அதன் திரையில் வராது. அதனால் நல்ல பாஸ்வேர்டையும் தப்பு என்றுதான் அதற்குச் சொல்லத் தெரியும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் "ஃபார்மேட் அடிச்சிரலாம் தம்பி" என்றார். நல்லவேளை ஒத்துக்கொள்ளவில்லை. கன்சோலில் இருக்கும் பயனரை அழித்தால் அந்தப் பெயரில் சேமித்த ஆட்டமெல்லாம் கூடவே போய்விடும், தம்பியின் நாலு வருஷ உழைப்பு.

தீர்வு கணக்கின் இணையதளத்திலேயே இருந்தது. மொபைலில் நுழைந்து, பாதுகாப்புப் பக்கத்தில் இரண்டு படிச் சரிபார்ப்புக்குக் கீழே, பழைய சாதனங்களுக்கென்று தனி பாஸ்வேர்ட் உருவாக்கும் வசதி இருக்கிறது. அழுத்தினால் அதுவே ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கும். அந்தப் பக்கத்தை மூடுவதற்குள் எழுதிக்கொள்ளுங்கள், நான் பழைய மின்சாரப் பில்லின் பின்பக்கம் எழுதினேன். கன்சோலில் வழக்கமான பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் இதை அடிக்க வேண்டும், மின்னஞ்சல் அதேதான். முதல் தடவை பெரிய எழுத்து ஒன்றைச் சின்னதாக அடித்துவிட்டேன், கன்ட்ரோலரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பது அவ்வளவு கொடுமை. இரண்டாவது தடவை பாஸ்வேர்டைச் சேமிக்கும் பெட்டியையும் டிக் செய்துவிட்டு அழுத்தினேன். வட்டம் இரண்டு சுற்று சுற்றியது, நண்பர்கள் பட்டியல் வந்து நின்றது.