சாதாரண இயர்போனில் லாஸ்லெஸ்

தரம் துளியும் குறையாமல் சேமித்த லாஸ்லெஸ் பாட்டைப் புளூடூத்தில் கேட்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போன் அந்தப் பாட்டை இயர்போனுக்கு அனுப்பும் முன் பெரும்பாலும் எஸ்பிசி அல்லது ஏஏசி என்ற, தரத்தைக் கொஞ்சம் இழக்கும் முறையில் மறுபடி சுருக்கிவிடும், டேட்டா தீர்வதுதான் மிச்சம்.

சரி, வயர் போட்டால்? ஒரே லாஸ்லெஸ் கோப்பிலிருந்து 96, 320 கேபிபிஎஸ் எம்பி3 எடுத்து, ஒலி அளவைச் சமமாக்கி, எது எதென்று சொல்லாமல் நண்பனைப் போடச் சொல்லிக் கேட்டேன். 96-இல் டிரம்ஸின் சிம்பல் தட்டும் இடமெல்லாம் தண்ணீர் சலசலப்பது போலக் குழைந்தது, உடனே பிடித்துவிட்டேன். 320-ஐயும் லாஸ்லெஸ்ஸையும் 16 முறை மாற்றிப் போட்டதில் 9 தான் சரி, அதாவது வெறும் ஊகம். ஒலி அளவைச் சமமாக்காவிட்டால் கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதே நல்ல தரமாகத் தோன்றும், பலரும் ஏமாறுவது அங்கேதான்.